கெடு தாண்டி ஒரு மாதம்: பில் பணத்துக்கு நினைவூட்டல் கடிதம் எழுதுவது எப்படி?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு எக்ஸ்போர்ட் கேட்டலாக் டிசைன் பண்ணிக் கொடுத்தேன். மார்ச் கடைசியில் ஃபைல் கொடுத்து, ஏப்ரல் 3-ஆம் தேதி பில் போட்டேன், 60,000 ரூபாய். முப்பது நாளில் தருவதாகப் பேச்சு. கெடு முடிந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. வேலை கொடுத்த மெர்ச்சண்டைசரிடம் வாட்ஸ்அப்பில் கேட்டால் "சொல்லிட்டேன், வந்துரும்" என்கிறார். அடுத்த சீசனுக்கும் இவர்களிடம் வேலை வரும், அதனால் உறவைக் கெடுத்துக்கொள்ள விருப்பமில்லை. மரியாதையாக ஒரு கடிதம் எழுத வேண்டும். எப்படி எழுதுவது?

பதில்:

கடிதம் யாருக்குப் போக வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். மெர்ச்சண்டைசர் உங்களுக்கு வேலை கொடுத்தவர், ஆனால் பணம் கொடுப்பவர் அவர் இல்லை. இந்த மாதிரி கம்பெனிகளில் பில் அவர் மேசையிலிருந்து கணக்குப் பிரிவுக்குப் போகும். அங்கே பதிவாகி, மேலாளரோ முதலாளியோ பாஸ் பண்ணிய பிறகுதான் வங்கிக்குப் போகும். இந்த வழியில் எங்கேயோ ஓர் இடத்தில் உங்கள் பில் படுத்துக்கிடக்கிறது. மெர்ச்சண்டைசர் "சொல்லிட்டேன்" என்பது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. நடந்து போகும்போது கணக்கரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லியிருப்பார். கணக்கரும் தலையாட்டியிருப்பார். அவர் முன்னால் நூல் மில், சாயப்பட்டறை, பிரிண்டிங், பெட்டி சப்ளை என்று ஒரு கட்டு பில் இருக்கும். உங்களுடையதைத் தேடி எடுக்க அவருக்கு எந்த அவசரமும் இல்லை.

ஆகவே அந்தக் கணக்கர் எதையும் தேடாமல், யாரையும் கேட்காமல், கையில் கிடைத்த உடனே காரியத்தை முடிக்கும்படி கடிதம் இருக்க வேண்டும். மரியாதை என்பதும் பெரும்பாலும் அதுதான். அடுக்கடுக்காகப் பணிவான சொற்களைப் போட்டு, பில் எண்ணை எழுதாமல் விட்ட கடிதம் அவருக்குத் தொல்லை. மெர்ச்சண்டைசரைத் தாண்டிப் போகிறோமே என்ற சங்கடம் இருந்தால், மெயில் அனுப்புவதற்கு முன்பு ஒரு போன் போட்டு, "அண்ணா, அக்கவுண்ட்ஸுக்கு ஒரு மெயில் போடறேன், உங்களையும் சேர்த்திருக்கேன், உங்களுக்கும் கேக்கற வேலை மிச்சம்" என்று சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் அவருக்கு நிம்மதியாகத்தான் இருக்கும். கணக்குப் பிரிவு ஆளின் மெயில் முகவரியையும் அந்தப் போனிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

எழுத உட்காருவதற்கு முன் உங்கள் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். வங்கிக் கணக்கில் 60,000 என்று மட்டும் தேடாதீர்கள், 54,000 என்றும் தேடுங்கள். இதுபோன்ற தொழில்முறைச் சேவைக்குப் பெரும்பாலான கம்பெனிகள் 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்துக்கொண்டுதான் அனுப்பும். சில இடங்களில் இதை ஒப்பந்த வேலையாகக் கணக்கில் எடுத்து, தனிநபர் என்றால் 1 சதவீதம் மட்டும் பிடிப்பார்கள். அப்போது 59,400 வந்திருக்கும். பணம் ஏற்கெனவே வந்திருக்க, முழுத் தொகையைத் தேடிப் பார்த்துவிட்டு "வரவில்லை" என்று எழுதுகிறவர்கள் உண்டு. அந்த ஒரு மெயிலுக்குப் பிறகு அடுத்த முறை நீங்கள் நியாயமாகக் கேட்டாலும் எடுபடாது.

அப்புறம் பில்லையே எடுத்து, அவர்களுடைய கணக்கராக உங்களை நினைத்துக்கொண்டு படியுங்கள். கம்பெனியின் பெயர் பதிவில் உள்ளபடியே இருக்கிறதா? ஒரே முதலாளிக்கு மூன்று பெயரில் மூன்று கம்பெனி இருப்பது திருப்பூரில் சர்வசாதாரணம். எதன் பெயருக்கு பில் போட வேண்டும் என்று யாரும் உங்களிடம் சொல்லியிருக்கவே மாட்டார்கள். வேலை ஆணை எண் கொடுத்திருந்தால் அது பில்லில் இருக்கிறதா? உங்கள் பான் எண் இருக்கிறதா? பான் இல்லாவிட்டால் 10-க்குப் பதில் 20 சதவீதம் பிடிக்க வேண்டிவரும் என்பதால், விவரம் தெரிந்த கணக்கர் பில்லை ஓரமாக வைத்துவிடுவார். வைத்ததை உங்களுக்குச் சொல்ல மாட்டார், அதுதான் சிக்கல். கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சி குறியீடும் சரியாக இருக்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். குறை ஏதாவது தெரிந்தால், திருத்திய பில்லை அதே எண்ணில், "திருத்தியது" என்று குறித்து இந்தக் கடிதத்தோடேயே வைத்துவிடுங்கள். தனி மெயில் வேண்டாம்.

இப்போது கடிதம். உங்கள் கேள்வியில் இருந்த தேதிகளையும் தொகையையும் வைத்தே எழுதுகிறேன். ஆண்டை 2025 என்றும், கோப்பு கொடுத்தது மார்ச் 31 என்றும், இன்று ஜூன் 3 என்றும் வைத்துக்கொள்கிறேன். இதுவரை அவர்களோடு ஆங்கிலத்தில் மெயில் நடந்திருந்தால் இதையும் ஆங்கிலத்திலேயே எழுதுங்கள். திடீரென்று மொழி மாறினால், கோபத்தில் எழுதுகிறாரோ என்று தோன்றும்.

> பொருள்: பில் எண் 2025-26/07, தேதி 3.4.2025, ரூ. 60,000: கெடு 3.5.2025 முடிந்தது குறித்து
>
> மதிப்புக்குரிய கணக்குப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,
>
> வணக்கம். உங்கள் நிறுவனத்தின் ஏற்றுமதிக் கேட்டலாக்கை வடிவமைத்து, இறுதிக் கோப்புகளை 31.3.2025 அன்று ஒப்படைத்தேன். அதற்கான பில்லை 3.4.2025 அன்று மின்னஞ்சலில் அனுப்பியிருந்தேன். பேசியிருந்தபடி முப்பது நாள் கெடு 3.5.2025 அன்று முடிந்தது. தொகை இன்னும் என் கணக்கில் வரவாகவில்லை.
>
> இதற்குள் அனுப்பியிருந்தால் யுடிஆர் எண்ணை மட்டும் தெரிவியுங்கள், என் பக்கத்தில் சரிபார்த்துக்கொள்கிறேன். இல்லையென்றால் 10.6.2025 செவ்வாய்க்கிழமைக்குள் அனுப்பி உதவக் கேட்டுக்கொள்கிறேன். அந்தத் தேதி தோதுப்படாது என்றால், எந்தத் தேதியில் வரும் என்று இந்த மெயிலுக்கே ஒரு வரி பதில் எழுதுங்கள்.
>
> 10 சதவீதம் டிடிஎஸ் (ரூ. 6,000) போக, வரவேண்டிய தொகை ரூ. 54,000.
>
> பில்லில் திருத்தம் ஏதாவது தேவைப்பட்டாலோ, வேறு ஆவணம் வேண்டியிருந்தாலோ சொல்லுங்கள், அன்றைக்கே அனுப்பிவிடுகிறேன். பில்லின் நகல், வேலை சரியாக இருப்பதாக உங்கள் தரப்பிலிருந்து வந்த மெயில், என் வங்கி விவரம் மூன்றையும் இணைத்துள்ளேன்.
>
> நன்றி.
>
> (பெயர்)
> (கைபேசி எண், பான் எண்)

இதில் சில இடங்கள் வேண்டுமென்றே இப்படி எழுதப்பட்டவை. "நீங்கள் இன்னும் பணம் அனுப்பவில்லை" என்று இல்லை. "தொகை இன்னும் என் கணக்கில் வரவாகவில்லை" என்று இருக்கிறது. இரண்டும் ஒரே செய்திதான், ஆனால் முதலாவதில் எதிரில் இருப்பவர் குற்றவாளி, இரண்டாவதில் யாரும் இல்லை. வராத பணம் மட்டும்தான் இருக்கிறது. படிக்கிற கணக்கரே தன்னைத் தற்காத்துக்கொண்டு பதில் எழுத வேண்டிய நிலை வராது. யுடிஆர் எண் பற்றிய வாக்கியமும் அதே வேலையைத்தான் செய்கிறது. நாளை பணத்தை அனுப்பிவிட்டு, "நேத்தே போட்டுட்டோம்" என்று அவர் சொல்லிக்கொள்ள ஒரு வாசல் திறந்திருக்கிறது. போகட்டும், உங்களுக்கு வேண்டியது பணம்.

தேதி கேட்கிற வாக்கியம்தான் கடிதத்தின் உயிர். "விரைவில்", "கூடிய சீக்கிரம்" என்று எழுதினால் பதிலும் "விரைவில்" என்றே வரும். பத்தாம் தேதி, செவ்வாய் என்று கிழமையோடு எழுதினால் ஒன்று பணம் வரும், அல்லது வேறு ஒரு தேதி எழுத்தில் வரும். இரண்டாவதும் உங்களுக்கு லாபம்தான், ஏன் என்று பின்னால் சொல்கிறேன். தேதி பிடிக்கும்போது திருப்பூரின் வாரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமை வாரச் சம்பளம். வெள்ளியும் சனியும் கையில் இருக்கும் பணமும் கணக்கரின் கவனமும் அங்கேதான் போகும். வார இறுதியைக் கெடுவாக வைத்தால் நீங்கள் தொழிலாளர் சம்பளத்தோடு போட்டி போடுகிறீர்கள். செவ்வாயோ புதனோ நல்லது. மெயிலையும் வாரத் தொடக்கத்தில் காலையில் அனுப்புங்கள்.

நிகரத் தொகையை நீங்களே கணக்குப் போட்டு எழுதியிருப்பதற்கும் காரணம் இருக்கிறது. கணக்கர் வங்கித் தளத்தில் அடிக்க வேண்டிய எண் அதுதான். அவர்கள் வேறு விகிதத்தில் பிடிப்பவர்கள் என்றால் அதைச் சொல்லவாவது பதில் எழுதுவார்கள். அப்படி ஒரு பதில் வந்தாலே பில்லை யாரோ கையில் எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

வேலை சரியாக இருப்பதாக வந்த மெயிலை இணைக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. கெடு தாண்டிய பிறகு பணம் கேட்டால் சில இடங்களில் திடீரென்று "ரெண்டு பக்கத்துல கலர் சரியில்ல" என்று ஒன்று கிளம்பும். அந்த மெயில் இணைப்பில் கிடந்தால் பெரும்பாலும் கிளம்பாது. அப்படி ஒரு மெயிலே உங்களிடம் இல்லை, வாட்ஸ்அப்பில் "சூப்பர்" என்று வந்ததுதான் இருக்கிறது என்றால், தேதி தெரிகிற மாதிரி அதன் ஸ்கிரீன்ஷாட்டை வையுங்கள்.

கடிதத்தில் இல்லாதவற்றையும் சொல்ல வேண்டும். வீட்டு வாடகை, பிள்ளையின் பள்ளிக் கட்டணம், அம்மாவின் மருத்துவச் செலவு எதுவும் இல்லை. உண்மையாகவே இருந்தாலும் எழுதாதீர்கள். செய்த வேலைக்கான கூலியைக் கேட்பது கைமாற்றுக் கேட்பதாக மாறிவிடும். முதலாளியும் இரக்கப்பட்டு "இந்தா, இப்போதைக்கு இருபதாயிரம்" என்று முடித்துவிடுவார். "தொந்தரவுக்கு மன்னிக்கவும்" என்பதும் இல்லை. எனக்கு அந்த வரியைக் கண்டாலே எரிச்சல் வரும், கெடு தாண்டியது நீங்களா என்ன? அடுத்த சீசன் வேலை பற்றியும் ஒரு சொல் இல்லை. "தொடர்ந்து உங்களோடு பணியாற்ற ஆவலாக உள்ளேன்" என்று முடித்தால், பணம் தராவிட்டாலும் இவர் போக மாட்டார் என்றுதான் அவர்கள் படிப்பார்கள்.

வட்டியும் சட்டமும்கூட இல்லை. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இணையத்தில் கிடைக்கிற மாதிரிக் கடிதங்கள் பலவும் முதல் கடிதத்திலேயே சட்டத்தை நீட்டுகின்றன.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறதா என்றால், குறு, சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இருந்தால் நன்றாகவே இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் தனியாளாகச் சேவைத் தொழில் செய்கிறவருக்கும் பொருந்தும். அதன்படி எழுத்தில் கெடு பேசியிருந்தால் அந்தக் கெடுவுக்குள் பணம் தர வேண்டும். ஆனால் எவ்வளவு பேசினாலும் வேலையை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. எழுத்தில் எதுவும் பேசாவிட்டால் 15 நாள். ஒப்படைத்த 15 நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லாவிட்டால், ஒப்படைத்த நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு. தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாக.

கேட்பதற்குப் பெரிதாக இருக்கிறது. உங்கள் தொகைக்குப் போட்டுப் பார்ப்போம். 2025 மே மாதத்தில் வங்கி விகிதம் 6.25 சதவீதம். மூன்று மடங்கு 18.75. 60,000 ரூபாய்க்கு ஒரு மாத வட்டி சுமார் 940 ரூபாய். இந்த 940 ரூபாயை முதல் கடிதத்தில் கேட்டால், கணக்கர் அதைத் தானாக முடிவு செய்ய முடியாது. முதலாளியிடம் போக வேண்டும். அவர் ஆடிட்டரைக் கேட்பார். போய்ச் சேர வேண்டிய 54,000-மும் அந்தப் பேச்சுவார்த்தையில் மாட்டிக்கொள்ளும். சட்டம் தரும் உரிமையை நீங்கள் விட்டுக்கொடுக்கவில்லை, இப்போது எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பதிலாக, சத்தமில்லாமல் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. உத்யம் பதிவு எண் இருந்தால் பில்லில் வங்கி விவரத்துக்குக் கீழே அந்த எண்ணைப் போட்டு வையுங்கள், கடிதத்தில் அதைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம். விவரம் தெரிந்த கணக்கருக்கு அந்த எண்ணே பேசும். குறு, சிறு நிறுவனத்துக்குச் சட்டக் கெடு தாண்டியும் கொடுக்காத தொகையை, கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும் என்று 2023 நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தது. ஆடிட்டர்கள் 43பி(எச்) என்று சொல்வது இதைத்தான். இது கடிக்கும் காலம் மார்ச். கணக்கு முடிக்கும் நேரத்தில் உங்கள் பில் பாக்கி இருந்தால் ஆடிட்டரே அதை எடுத்துக் கொடுக்கச் சொல்வார். ஜூனில் அந்தப் பயம் இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

உத்யம் பதிவு இன்னும் இல்லையென்றால் இந்தப் பில்லுக்கு அதை நம்ப வேண்டாம். வேலை முடிந்த பிறகு செய்த பதிவு பழைய பாக்கிக்குப் பொருந்தாது என்ற ரீதியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் உள்ளன. அடுத்த வேலைக்கு முன்னால் `udyamregistration.gov.in` தளத்தில் பதிந்துகொள்ளுங்கள், கட்டணம் கிடையாது. பணம் கேட்கிற தரகர்களின் போலித் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும், முகவரியைப் பார்த்து நுழையுங்கள்.

ஆண்டு வரவு 20 லட்சத்துக்குக் கீழே, ஜிஎஸ்டி பதிவு இல்லை என்று வைத்துத்தான் மேலே எழுதினேன். பதிவு இருந்தால் கணக்கு கொஞ்சம் மாறும். 18 சதவீதம் சேர்த்து பில் 70,800. ஜிஎஸ்டியைத் தனியாகக் காட்டியிருந்தால் டிடிஎஸ் 60,000-க்கு மட்டும்தான், ஆக வரவேண்டியது 64,800. ஏப்ரல் பில்லுக்கான 10,800 ரூபாய் வரியை அவர்கள் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் நீங்கள் மே மாதமே கட்டியிருக்க வேண்டும். இந்த ஒரு இடத்தில் மட்டும் உங்கள் சொந்தக் கஷ்டத்தைக் கடிதத்தில் எழுதலாம்: "இந்தப் பில்லுக்கான ஜிஎஸ்டி ரூ. 10,800-ஐ ஏப்ரல் மாதக் கணக்கில் செலுத்திவிட்டேன்." இது இரக்கம் கேட்பதில்லை, கணக்கருக்குப் புரிகிற செய்தி. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் உங்களுக்குப் பணம் தராவிட்டால் அவர்கள் எடுத்த உள்ளீட்டு வரிச் சலுகையைத் திருப்ப வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். உங்கள் பில்லுக்கு அது செப்டம்பர் 30.

சரி, மெயில் போய்விட்டது. அன்று மாலை மெர்ச்சண்டைசருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி: "அண்ணா, அக்கவுண்ட்ஸுக்கு மெயில் போட்டிருக்கேன், வந்துச்சான்னு மட்டும் பாத்துச் சொல்றீங்களா?" பணத்தைப் பற்றி அதில் வேண்டாம். மெயில் வந்ததா என்பது அவர் சுலபமாகப் பதில் சொல்லக்கூடிய கேள்வி. அதன் பிறகு பத்தாம் தேதி வரை சும்மா இருங்கள். தினமும் ஒரு நினைவூட்டல் அனுப்பினால் நீங்கள் குறித்த தேதிக்கு மதிப்பு இல்லாமல் போகும்.

பதில் பல விதமாக வரும். "அடுத்த வாரம் போட்டுடறோம்" என்று போனில் சொன்னால், போனை வைத்த கையோடு அதே மெயில் தொடரில் எழுதுங்கள்: "இன்று பேசியபடி, ரூ. 54,000-ஐ 17.6.2025-க்குள் அனுப்புவதாகச் சொன்னீர்கள், நன்றி." அவர்கள் "சரி" என்று பதில் போட்டால் அது எழுத்தில் ஒப்புக்கொண்டது ஆகிறது. முன்னால் சொன்ன லாபம் இதுதான். பாக்கியை வசூலிக்க வழக்குப் போடுவதற்கான காலம் மூன்று ஆண்டு. நீங்கள் எத்தனை நினைவூட்டல் அனுப்பினாலும் அந்தக் காலம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அவர்கள் எழுத்தில் கடனை ஒப்புக்கொண்டாலோ, ஒரு பகுதியைக் கொடுத்தாலோதான் மறுபடி முதலிலிருந்து எண்ணப்படும். ஒரு மாதப் பாக்கிக்கு இவ்வளவு தூரம் யோசிக்க வேண்டுமா என்று தோன்றலாம். தேவைப்படாமல் போனால் நல்லதே. ஆனால் "பேமெண்ட் வரலைன்னு யார் சொன்னா, அந்த வேலையே முடியலையே" என்று எட்டு மாதம் கழித்து ஒரு புதிய கணக்கர் கேட்கும்போது இந்த ஒரு வரி மெயில் கைகொடுக்கும்.

"பையர்கிட்ட இருந்து எங்களுக்கே வரல" என்பது திருப்பூரில் அடிக்கடி கேட்கிற பதில், பாதி நேரம் உண்மையும்கூட. அதோடு வாதாடாதீர்கள். உங்கள் கெடு அவர்களோடு பேசியது, வெளிநாட்டு பையரோடு பேசியதில்லை என்பதை நினைவில் மட்டும் வைத்துக்கொண்டு, "புரிகிறது. அப்படியானால் இந்த வாரம் பாதி, மாதக் கடைசியில் மீதி என்று வைத்துக்கொள்ளலாமா?" என்று கேளுங்கள். தவணைக்கு ஒத்துக்கொள்ளலாம், ஆனால் தொகையைக் குறைக்க ஒத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு தேதியும் இரண்டு தொகையும் எழுத்தில் வர வேண்டும்.

பத்தாம் தேதியும் போய், பதிலும் இல்லையென்றால் அடுத்த நாளே இரண்டாவது மெயில். இப்போது முதலாளியையோ பொது மேலாளரையோ சேர்த்துக்கொள்ளுங்கள். அதே மெயில் தொடரில், பழைய கடிதம் கீழே தெரியும்படி, மூன்று நான்கு வரி போதும்:

> மதிப்புக்குரிய ஐயா, வணக்கம். கீழே உள்ள 3.6.2025 தேதியிட்ட மெயிலுக்கு இன்னும் பதில் வரவில்லை. பில் எண் 2025-26/07-க்கான ரூ. 54,000 கெடு முடிந்து ஐந்து வாரத்துக்கும் மேலாகிறது. இதை 18.6.2025-க்குள் முடித்துத் தரக் கேட்டுக்கொள்கிறேன். தொகை எதற்காவது நிறுத்தி வைக்கப்பட்டிருந்தால் காரணத்தை எழுத்தில் தெரிவியுங்கள். இந்தப் பில் முடிந்த பிறகு புதிய வேலைகளை எடுத்துக்கொள்கிறேன்.

கடைசி வாக்கியத்தை முதல் கடிதத்தில் எழுதினால் மிரட்டல் போலத் தெரியும், இங்கே அது வெறும் தகவல். எழுதினால் அதன்படி நிற்க வேண்டும். வியாழக்கிழமை மெர்ச்சண்டைசர் கூப்பிட்டு "அவசரமா நாலு பக்கம் மட்டும்" என்று கேட்டால், செய்து கொடுத்துவிடாதீர்கள். என் அனுபவத்தில் அந்த நாலு பக்க அவசரம்தான் பழைய பில்லை நகர்த்துகிறது. வேலை நிற்கிறது என்றால் அவரே கணக்குப் பிரிவுக்கு நடந்து போவார்.

இதற்கும் அசையாமல் ஆகஸ்ட் வந்துவிட்டால், வருமான வரித் தளத்தில் உங்கள் பான் எண்ணுக்கு எதிரே வரும் 26ஏஎஸ் பட்டியலைப் பாருங்கள். பணம் கொடுக்கும்போதோ, கொடுக்க வேண்டியதாகக் கணக்கில் எழுதும்போதோ, எது முதலில் வருகிறதோ அப்போதே டிடிஎஸ் பிடிக்க வேண்டும். ஏப்ரல் முதல் ஜூன் வரை பிடித்த வரிக்கான கணக்கை ஜூலை 31-க்குள் தாக்கல் செய்வார்கள், அதனால்தான் ஜூனில் பார்த்தால் தெரியாது. அந்தக் கம்பெனி பெயரில் 60,000-க்கு 6,000 பிடித்ததாக அங்கே இருந்தால், உங்கள் பில்லை அவர்கள் எப்போதோ பாஸ் பண்ணிக் கணக்கில் ஏற்றிவிட்டார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். "பில் வரவே இல்லை", "வேலையில் குறை" என்ற பேச்செல்லாம் அதோடு முடிந்தது. உத்யம் பதிவு வேலைக்கு முன்பே இருந்தால், அடுத்தது குறு, சிறு நிறுவனங்களுக்கு வர வேண்டிய பாக்கியை விசாரிக்கும் வசதியாக்கல் மன்றத்துக்கு மனு. முதலில் சமரசம், அது நடக்காவிட்டால் நடுவர் தீர்ப்பு. முன்னால் ஒதுக்கி வைத்த வட்டியை அந்த மனுவில் சேர்த்துக் கேட்கலாம். பதிவு இல்லையென்றால் வக்கீல் நோட்டீஸ். 54,000 ரூபாய்க்கு அதற்கு மேல் போவது செலவுக்குக் கட்டுமா என்று அப்போது உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

பெரும்பாலும் இவ்வளவு தூரம் போகாது. கணக்கருக்கே நேராகப் போய்ச் சேர்ந்த முதல் மெயிலோ, முதலாளியைச் சேர்த்த இரண்டாவதோ வேலையை முடித்துவிடும். பணம் வந்த அன்றே அதே தொடரில், வந்த தொகையையும் தேதியையும் குறித்து, கணக்கருக்கு நேராக ஒரு நன்றி எழுதுங்கள், மெர்ச்சண்டைசரையும் சேர்த்தே. பிடித்த 6,000-க்கான படிவம் 16ஏ ஆகஸ்ட் நடுவில் கிடைக்குமா என்றும் அதிலேயே கேட்டுவைத்துவிடுங்கள். அடுத்த சீசன் பேச்சு வரும்போது பாதி முன்பணம், மீதி ஒப்படைத்த 15 நாளில் என்று மெயிலில் எழுதிக் கேளுங்கள். கெடுவையும் எந்தக் கம்பெனி பெயரில் பில் போட வேண்டும் என்பதையும் அந்த மெயிலிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள்.